சாக்கின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி: ஏற்றுமதி மார்க்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்றுமதிச் சாக்கில் ஒரு துறைமுகத்தின் பெயர் இருந்தால், சரக்கு அங்கிருந்து புறப்பட்டது என்றுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட எப்போதுமே அது சரக்கு போய்ச் சேர வேண்டிய ஊர். புறப்பட்ட துறைமுகத்தைச் சாக்கில் எழுத வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. சாக்கு அந்தத் துறைமுகத்திலேயே நிற்கும்போது அதை யாரும் தேடப்போவதில்லை. சாக்கில் எழுதுவதெல்லாம் இனிமேல் அதைத் தூக்கப்போகிறவர்களுக்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் மார்க்குகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் காபிச் சாக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நாடு, துறைமுகம், வாங்குபவர், ஒன்றாக விற்கப்படும் தொகுதியான லாட் எல்லாம் ஒரே முகத்தில் எழுதப்பட்டிருக்கும் சரக்கு அது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் சிரமம் தராது. அட்டைப்பெட்டிகளுக்குச் சில தனி வழக்கங்கள் உண்டு. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

கொச்சியில் கண்டெய்னருக்குள் ஏற்றுவதற்காக வந்திருக்கும் ஒரு சணல் சாக்கு என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் எழுத்துகளும் எண்களும் நான் கற்பனையாகப் போட்டவை. அமைப்பு மட்டும் நிஜமானது.

```
LMT
4471
TRIESTE
PRODUCE OF INDIA
14/0000/0218
ROB CHERRY AB
NET 60 KG
```

## முதலில் தலைமை மார்க்கைத் தேடுங்கள்

மேலே உள்ள ஏழு வரிகளும் ஒருவருடைய வேலை அல்ல. முதல் மூன்று வரிகள் வாங்குபவர் கேட்டு எழுதியவை. நான்காவது வரி சுங்கத் துறைக்கானது. ஐந்தாவது காபி வணிகத்துக்கென்று உள்ள எண். கடைசி இரண்டும் சரக்கு என்ன, எவ்வளவு என்பவை. எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் மேலிருந்து கீழே படித்தால் எதுவும் மனதில் நிற்காது. முதல் மூன்றை மட்டும் தனியாகப் பிரித்து எடுங்கள். அதுதான் தலைமை மார்க். ஷிப்பிங் மார்க் என்றும் சொல்வார்கள். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச்சீட்டான பில் ஆஃப் லேடிங்கிலும், பேக்கிங் லிஸ்ட்டிலும் இருப்பது இதுவே.

இந்த மூன்று வரி அமைப்பு தற்செயலானது அல்ல. ஒரு காலத்தில் வாங்குபவரின் முழுப் பெயர், முகவரி, உரிமம் எண், வங்கிக் கடன் கடித எண் என்று சாக்கு நிறைய எழுதித் தள்ளினார்கள். அதைச் சுருக்குவதற்காக ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1979-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது; 15-ஆம் எண் பரிந்துரை என்று அதற்குப் பெயர். பெறுபவரின் பெயர்ச் சுருக்கம், ஒரு குறிப்பு எண், சேரும் ஊர், மூட்டையின் வரிசை எண் ஆகிய நான்கு மட்டும் போதும், அவையும் இந்த வரிசையில்தான் வர வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் குழப்பமான சாக்கு ஒன்று முன்னால் வந்தால், இந்த நான்கும் எங்கே என்று தேடுவதே நல்ல தொடக்கம்.

நம் சாக்கில் நான்காவது, அதாவது வரிசை எண், இல்லை. காபி, அரிசி போன்ற சரக்குகளில் ஒரு லாட்டின் எல்லாச் சாக்குகளும் ஒன்றே என்பதால் 1, 2, 3 என்று எண் போடுவதில்லை. எந்தச் சாக்கு தொலைந்தாலும் நஷ்டம் ஒன்றுதான். இயந்திர பாகங்கள் வரும் மரப்பெட்டியில் அப்படி விட முடியாது. 25 பெட்டிகளில் 7-ஆவது பெட்டி தொலைந்தால் அதற்குள் இருந்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

பழைய சரக்குகளில் எழுத்துகள் சாய்சதுரத்துக்குள்ளோ முக்கோணத்துக்குள்ளோ இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் வடிவத்தைப் பார்த்துப் பிரித்து அடுக்க அது உதவியது. ஒரே கப்பலில் பல துறைமுகங்களுக்குச் சரக்கு போனபோது, இறங்கும் ஊருக்கு ஒரு நிறம் என்று சாயக்கோடு இழுத்துவிடுவதும் உண்டு. தட்டச்சிலும் டெலக்ஸிலும் சாய்சதுரம் போட முடியாது என்பதால் வடிவங்கள் வேண்டாம் என்றது அதே பரிந்துரை. அலுவலகத்தின் வசதிக்காகக் களத்தின் வசதியை விட்டுக்கொடுத்த ஏற்பாடு என்பது என் எண்ணம். இன்றும் வடிவம் போட்ட சரக்கு வந்தால், தாளில் ‘சாய்சதுரத்துக்குள்’ என்று ஆங்கிலச் சொற்களில் எழுதியிருப்பார்கள். வேறொரு மார்க் என்று நினைத்துவிட வேண்டாம்.

## ஊரையும் நாட்டையும் தனித்தனியாகப் படியுங்கள்

மூன்றாவது வரியில் இத்தாலியின் டிரியெஸ்தே இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய காபித் துறைமுகங்களில் ஒன்று. 1719 முதல் சுங்கச் சலுகை பெற்ற துறைமுகம். இந்தியக் காபி அதிகம் போகும் நாடு இத்தாலி என்பதால் நம் பக்கத்துச் சாக்குகளில் இந்தப் பெயரை அடிக்கடி காணலாம்.

ஊரின் பெயரை அடுத்து ‘வயா’ என்ற சொல் வந்தால் கவனம். அதற்கு முன்னால் இருப்பது முடிவான ஊர். பின்னால் இருப்பது வழியில் சரக்கு மாறும் அல்லது இறங்கும் துறைமுகம். ‘இன் டிரான்ஸிட்’ என்றிருந்தால், இறங்கும் துறைமுகம் உள்ள நாட்டில் சரக்கு தங்காது, எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிறது என்று பொருள். இந்தச் சாக்குகளை உள்நாட்டுச் சரக்கோடு சேர்த்து அடுக்கிவிட்டால் சுங்கத் துறையிடம் பதில் சொல்ல நேரிடும்.

நான்காவது வரி விளைந்த நாடு. விளைபொருளுக்கு ‘புரொடியூஸ் ஆஃப்’ அல்லது ‘புராடக்ட் ஆஃப்’ என்றும், தொழிற்சாலைப் பொருளுக்கு ‘மேட் இன்’ என்றும் எழுதுவது வழக்கம். இந்தக் கட்டாயம் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் நாடுகள் போட்டது. பிரிட்டன் 1887-இலும் அமெரிக்கா 1890-இலும் கொண்டுவந்த சட்டங்களிலிருந்துதான் நாட்டின் பெயரை எழுதும் பழக்கம் பரவியது. ஆகவே இந்த வரி இறங்கும் துறைமுகத்தில் உள்ள அதிகாரிக்காக எழுதப்படுகிறது.

விளைந்த நாடும் கப்பல் ஏறிய துறைமுகமும் ஒரே நாட்டில் இருக்க வேண்டியதில்லை. இதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. அதன் காபி கென்யாவின் மொம்பாசா வழியாகக் கப்பல் ஏறுகிறது. எத்தியோப்பியக் காபி ஜிபூட்டி வழியாகப் போகிறது. சாக்கில் உகாண்டா என்றும் சரக்குச்சீட்டில் ஏற்றிய துறைமுகம் மொம்பாசா என்றும் இருந்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. கென்யக் காபிச் சாக்கில் உகாண்டாவின் பெயர் தவறாக விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி ஒதுக்கி வைப்பதுதான் முரண்பாடு. சாக்கு சொல்வது பிறந்த இடத்தை; சரக்குச்சீட்டு சொல்வது கப்பல் ஏறிய இடத்தை.

இன்னொரு பொறி, சாக்குகளை அடுக்கித் தூக்கும் மரத் தட்டான பேலட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் சூடு போட்டது போன்ற சிறு முத்திரை இருக்கும்: கோதுமைக் கதிர் வடிவம், இரண்டெழுத்து நாட்டுக் குறி, சில எண்கள், ‘எச்.டி.’ என்ற எழுத்துகள். மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி நீக்கியதற்கான அடையாளம் அது. அந்த நாட்டுக் குறி, மரத்துக்குச் சிகிச்சை நடந்த நாட்டைச் சொல்கிறது. மேலே இருக்கும் சரக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சீனப் பேலட்டில் இந்தியச் சாக்கு இருப்பது சாதாரண விஷயம்.

## சாய்கோட்டு எண்ணை மூன்றாகப் பிரியுங்கள்

ஐந்தாவது வரியில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று எண்கள் இருக்கின்றன. காபிச் சாக்கில் மட்டும் காணும் இந்த எண் லண்டனில் உள்ள சர்வதேசக் காபி அமைப்பு வகுத்த அடையாளம். முதல் எண் நாடு, இரண்டாவது ஏற்றுமதியாளர், மூன்றாவது அந்த ஏற்றுமதியாளரின் லாட்.

நாட்டு எண்களில் சிலவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். பிரேசில் 2, கொலம்பியா 3, எத்தியோப்பியா 10, இந்தியா 14, உகாண்டா 35, வியட்நாம் 145. சிலர் முன்னால் பூஜ்யம் சேர்த்து 014 என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. இதைத் தொலைபேசியின் நாட்டுக் குறியீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாட்டின் பெயர் அழிந்துபோன சாக்கில் இந்த எண் கைகொடுக்கும். நாட்டின் பெயர் ஒன்றும் எண் வேறொன்றும் சொன்னால் பழைய சாக்கை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். சாக்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் மங்கிய வேறொரு மார்க் தெரியும். முறைப்படி அதன் மேல் குறுக்குக் கோடு அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டிருந்தால் வேலையை நிறுத்தி ஏற்றுமதியாளரின் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. எந்த மார்க் செல்லுபடியாகும் என்று தீர்மானிப்பது தூக்குகிறவரின் வேலை அல்ல.

மூன்றாவது எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. காபி ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. லாட் எண்ணும் அன்று மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அதனால் போன ஆண்டின் 218-உம் இந்த ஆண்டின் 218-உம் சாக்கில் ஒரே மாதிரிதான் இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிடங்கில் பழைய சரக்கும் புதிய சரக்கும் சேர்ந்து கிடக்கும்போது, அறுவடை ஆண்டைக் குறிக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு வரிகளை, குறிப்பாகக் குறிப்பு எண்ணை, விட்டுவிடாமல் ஒப்பிட வேண்டும்.

எடை வரி எளிது. இந்தியச் சாக்கும் பிரேசில் சாக்கும் 60 கிலோ, கொலம்பியாவினுடையது 70 கிலோ, மத்திய அமெரிக்க நாடுகளில் பலவற்றில் 69 கிலோ. நிகர எடை என்பது காபியின் எடை மட்டும். முதுகில் ஏறுவது மொத்த எடை. சணல் சாக்கின் எடையும் அதில் சேரும்.

## ஸ்டென்சில் எழுத்தின் இடைவெளியைக் கவனியுங்கள்

இதுவரை சொன்னது, எழுத்து தெளிவாக இருந்தால் சரி. சணலில் எழுத்து தெளிவாக இருப்பது அபூர்வம். பட்டு நெசவு போல நெருக்கமாக இல்லாமல் கண்ணறைகளோடு இருக்கும் துணி அது. மை சில இடங்களில் இறங்கும், சில இடங்களில் இழையின் மேல் மட்டும் ஒட்டும். சாக்கை நிரப்பும் முன்பே தரையில் விரித்து மார்க் போட்டால் ஓரளவு சீராக விழும். நிரப்பிய பிறகு போட்டால் வளைந்த பக்கத்தில் தகடு படியாமல் ஒரு ஓரம் மங்கிவிடும்.

ஸ்டென்சில் தகட்டில் எழுத்துகள் ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பூஜ்யத்தை முழு வளையமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க இரண்டு இடங்களில் சிறு பாலம் விட்டு வெட்டுகிறார்கள். அதனால் சாக்கில் விழும் பூஜ்யம், எட்டு, ஆறு, ஒன்பது, ஆங்கில ஏ, பி, டி, ஓ எல்லாவற்றிலும் மை படாத சிறு இடைவெளி இருக்கும். மூடிய வளையம் இல்லாத ஒன்று, மூன்று, ஏழு ஆகியவற்றுக்குப் பாலம் தேவையில்லை.

மங்கிய எண்ணைப் படிக்க இதுவே நல்ல கருவி. மை விழாமல் போன இடத்தின் ஓரம் பிசிறாக இருக்கும், சாக்குக்குச் சாக்கு இடம் மாறும். பாலத்தின் ஓரமோ நேராக, வெட்டியது போல இருக்கும்; அந்தத் தகட்டில் போட்ட எல்லாச் சாக்கிலும் அதே இடத்தில் இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் எண்ணின் வடிவத்தைப் பார்ப்பதைவிட, இடைவெளியின் ஓரத்தைப் பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது எட்டும் மூன்றும். பொதுவாக எட்டின் நடுவில் மேலும் கீழும் பாலம் விட்டு, இடது பாதி, வலது பாதி என்று பிரித்து வெட்டியிருப்பார்கள். இடது பாதியில் மை இறங்கவில்லை என்றால் மிச்சமிருக்கும் வலது பாதி மூன்று போலவே தெரியும். ஆனால் உண்மையான மூன்றின் மேல் வளைவும் கீழ் வளைவும் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் முடியும். பாதி எட்டின் வளைவுகள் நடுவிலேயே நேர்க்கோடாக வெட்டுப்பட்டு நிற்கும். சாக்கை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூஜ்யத்துக்கும் ஆங்கில டி, சி ஆகியவற்றுக்கும் இதே சோதனை பலிக்கும்.

## ஒரு லாட்டை எண்ணிப் பார்ப்போம்

மேலே காட்டிய சாக்கின் லாட் 218. பேக்கிங் லிஸ்ட்டில் 320 சாக்கு. அதாவது 19,200 கிலோ நிகர எடை. இருபதடிக் கண்டெய்னர் ஒன்றுக்குச் சரியான அளவு. வெற்றுச் சாக்கு 700 கிராம் என்று லிஸ்ட் சொல்கிறது; அப்படியானால் மொத்த எடை 19,424 கிலோ இருக்க வேண்டும். அதே கிடங்கில் அதே வாங்குபவருக்கு லாட் 213 இருக்கிறது. தரமும் அதேதான்: ரோபஸ்டா செர்ரி ஏபி. சாக்கில் குறிப்பு எண்ணும் லாட்டும் தவிர எல்லா வரிகளும் ஒன்று. 213-இன் குறிப்பு எண் 4417.

மேஸ்திரி பேலட்டுக்கு 20 சாக்கு வீதம் கொண்டுவரச் சொல்கிறார். 16 பேலட் வந்தால் கணக்குச் சரி. சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் கண்டெய்னர் வாயில் நிற்கிறார். ஒவ்வொரு சாக்கும் உள்ளே போகும்போது ஒரு கோடு. நான்கு கோட்டின் மேல் ஐந்தாவதைக் குறுக்கே அடித்து ஒரு கட்டு. 320 சாக்குக்கு 64 கட்டு. பேலட்டை மட்டும் எண்ணி இருபதால் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேலட்டில் 19 இருந்தால் அந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது.

11-ஆவது பேலட்டில் நான்கு சாக்குகளின் லாட் எண் 213 போலத் தெரிகிறது. இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். நான்கையும் பார்க்காமல் உள்ளே அனுப்பிவிடலாம். அல்லது நான்கையும் திருப்பி அனுப்பிவிடலாம். சரியான வழி, நான்கையும் கீழே இறக்கிக் குறிப்பு எண்ணைப் பார்ப்பது. மூன்றில் 4471 இருக்கிறது. லாட் எண்ணின் கடைசி இலக்கத்தை உற்றுப் பார்த்தால் வளைவுகள் நடுவில் நேராக வெட்டுப்பட்டிருக்கின்றன. இவை இடப்பக்கம் மை விழாத எட்டுகள். பின்பக்கத்திலும் போட்டிருக்கும் இதே மார்க் 218 என்றே காட்டுகிறது. மூன்றும் உள்ளே போகலாம்.

நான்காவதில் 4417. கடைசி இலக்கத்தின் வளைவுகள் இடப்பக்கம் வரை நீண்டிருக்கின்றன. இது உண்மையிலேயே 213. லாட் மாறி வந்துவிட்ட சாக்கு. 4471-உம் 4417-உம் இரைச்சலுக்கிடையே வாயால் படித்துக் கேட்கும்போது எவ்வளவு எளிதாக மாறும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் எண்ணை ‘நான்கு, நான்கு, ஏழு, ஒன்று’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

இப்போது கேள்வி, 218-இன் ஒரு சாக்கு எங்கே என்பது. 213 அடுக்கிய இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்; இடம் மாறிய சாக்கு பெரும்பாலும் இணையாகத்தான் மாறியிருக்கும். அங்கே கிடைத்துவிட்டால் மாற்றிப் போட்டு முடித்துவிடலாம். கிடைக்கவில்லை என்றால் 319 சாக்கோடு கண்டெய்னரை மூடுவதா, வேண்டாமா என்பதை ஏற்றுமதியாளர்தான் சொல்ல வேண்டும். தரம் ஒன்றுதானே என்று 213-ஐ வைத்து 320 ஆக்கிவிடக் கூடாது. காபி வாங்குபவர் லாட்டிலிருந்து எடுத்த மாதிரியைச் சுவைத்துப் பார்த்து அந்த லாட்டை ஏற்றுக்கொண்டவர். தர வரி ஒன்றாக இருந்தாலும் அவருக்கு இவை இரண்டு வேறு சரக்குகள்.

கண்டெய்னரை ஏற்றுமதியாளரே நிரப்பி சீல் வைத்துவிட்டால், கப்பல் நிறுவனம் சரக்குச்சீட்டில் ‘ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புபவரே’ என்ற பொருளில் ஒரு வரியை எழுதிவிடும். கதவு மூடிய பிறகு சாக்கின் முகத்தை மறுபடி பார்க்கப்போகிறவர் டிரியெஸ்தேயில் உள்ள கிடங்குக்காரர்தான். இடையில் யாருக்கும் திருத்த வாய்ப்பில்லை.

## அட்டைப்பெட்டியில் என்ன வேறுபடும்

பெட்டியில் எழுத்து அச்சாக இருப்பதால் வாசிப்பது சுலபம். ஆனால் மார்க் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது சிக்கல். ஒழுங்காகச் செய்கிறவர்கள் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போடுவார்கள். எப்படி அடுக்கினாலும் ஒரு பக்கமாவது வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தால் அடுக்கும்போதே அந்தப் பக்கத்தை வெளியே வையுங்கள். பிறகு இறக்கி எண்ணும் வேலை மிச்சம்.

பெட்டியின் வரிசை எண்ணை இப்படிக் காணலாம்:

```
C/NO. 7/25
C/NO. 1-UP
```

முதலாவது, 25 பெட்டிகளில் இது 7-ஆவது என்கிறது. அதை வைத்து எந்தப் பெட்டி வரவில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாவது சீனாவிலிருந்தும் மற்ற கிழக்காசிய நாடுகளிலிருந்தும் வரும் பெட்டிகளில் அதிகம். ‘1 முதல் மேல்நோக்கி’ என்று மட்டுமே அதற்குப் பொருள். மொத்தம் எத்தனை என்று அச்சடிக்கும்போது முடிவாகவில்லை. எல்லாப் பெட்டியிலும் இதே வரிதான் இருக்கும். இதை எண்ணாக எடுத்துக்கொண்டு எல்லாப் பெட்டியும் ஒன்றாம் நம்பர் என்று எழுதிய டாலித் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய சரக்கில் உங்கள் எண்ணிக்கை தவிர வேறு ஆதாரம் கிடையாது.

தாளில் மார்க் இருக்கும் இடத்தில் ‘என்/எம்’ என்றிருந்தால் மார்க் எதுவும் இல்லாத சரக்கு என்று அர்த்தம். பெட்டியில் கடை விளம்பரமும் பொருளின் பெயரும் மட்டும் இருக்கும். அவற்றை மார்க்காக டாலியில் எழுத வேண்டாம்.

குடை, மேல்நோக்கிய இரண்டு அம்புகள், மதுக்கோப்பை, குறுக்குக் கோடு போட்ட கொக்கி ஆகிய படங்களை விளக்கவே தேவையில்லை. மொழி தெரியாதவருக்காகவே வரைந்தவை. கொக்கிப் படத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது இருக்கும் மூட்டையில் கைக்கொக்கியைக் குத்தினால், பிறகு கொட்டியதற்கெல்லாம் குத்தியவர் பெயரில்தான் எழுதுவார்கள்.

## தாளோடு ஒத்துப்போகாதபோது

1924-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் தலைமை மார்க்கைக் கப்பல் நிறுவனம் சரக்குச்சீட்டில் காட்ட வேண்டும். ஆனால் அந்த மார்க், பயணம் முடியும் வரை சாதாரணமாக அழியாமல் இருக்கும்படி சரக்கின் மேல் போடப்பட்டிருக்க வேண்டும். சுண்ணக்கட்டியால் கிறுக்கிய மார்க்கும், ஒட்டிய காகிதமும் இதில் தேறாது.

மார்க் வாசிக்கவே முடியாத சாக்கு வந்தால் டாலித் தாளில் ‘மார்க் தெளிவில்லை’ என்று எண்ணிக்கையோடு தனி வரியில் எழுதுங்கள். யூகித்து லாட்டில் சேர்க்க வேண்டாம். மார்க் தெளிவாக, ஆனால் தாளில் இல்லாததாக இருந்தால் அது ‘மிகை’. தாளில் இருந்து சரக்கு வராவிட்டால் ‘குறைவு’. ஒரு மார்க்கில் குறைவும் இன்னொன்றில் அதே எண்ணிக்கை மிகையும் இருந்தால் கலந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்போதும் இரண்டையும் தனித்தனியாகவே எழுத வேண்டும். கூட்டிக் கழித்து நேர் செய்வது அலுவலகத்தின் வேலை.

கிழிந்து கொட்டிய சாக்கு தனி விவகாரம். தரையிலிருந்து கூட்டி எடுத்த காபியை நல்ல சாக்கில் போட்டுத் தைத்து, அதை முழுச் சாக்காக எண்ணிவிடக் கூடாது. கூட்டி எடுத்த சரக்கு என்று குறித்து, எடை போட்டு, ஒதுக்கி வைக்க வேண்டும். கிழிந்த பழைய சாக்கையும் தூக்கி எறியாதீர்கள். அதில்தான் மார்க் இருக்கிறது. புதிய சாக்குக்குள் அதை மடித்து வைத்துத் தைப்பது நல்ல பழக்கம். புதிய சாக்கில் மார்க்கை மறுபடி போடுவதானால் ஏற்றுமதியாளரின் ஆளோ சர்வேயரோ முன்னால் நின்று போட வேண்டும். மங்கிய எண்ணின் மேல் பேனாவால் இழுத்துத் தெளிவாக்குவதும் இதில் சேர்த்திதான். அப்படி இழுத்த பிறகு பாலம் இருந்த இடம் தெரியாது. எட்டா மூன்றா என்று யாராலும் சொல்ல முடியாது.